ஓடிட் ஒபிஸுக்குப் பேர்: திருமலை ஆக்கள் உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ

நவரத்தினம் மகள்
நானும் என்னோட படிச்ச கிண்ணியாக் கூட்டாளியும் பட்டயக் கணக்காளர் சோதினை முடிச்சு, திருமலையில ஒரு மேல்மாடி வாடகைக்கு எடுத்திருக்கிறம். தணிக்கையும் வரியும் செய்யப் போறம். பேர்தான் இன்னும் அமையேல்ல. இப்ப கையில இருக்கிறது நாலு: "ஈஸ்டர்ன் ஃபினான்சியல் சேர்விசஸ்", "டிரஸ்ட்லைன்", "கோணேசர் அசோசியேட்ஸ்", பிறகு என்ட அப்பாட பேரையும் கூட்டாளியின்ட வாப்பாட பேரையும் சேர்த்து "நவரத்தினம் ஹமீட்". எங்களுக்குப் பிடிச்சது முதலாவது. லோயர் ஒபிஸோ கணக்கு ஒபிஸோ, பேர் வைச்ச ஆக்களும், பேரைப் பார்த்து உள்ள போன ஆக்களும், பார்த்திட்டுத் திரும்பி வந்த ஆக்களும் எழுதுங்கோ.

கிண்ணியா நாநா
தங்கச்சி, நான் மீன் ஏவாரம். லோனுக்கு பேங்கில கணக்கறிக்கை கேட்டாங்க. டவுனுக்கு வந்து ஒரு ஒபிஸ் போர்டு பார்த்தன், பேரில "டிரஸ்ட்" எண்டு இருந்திச்சு. நான் நினைச்சது யாரோ தர்மஸ்தாபனம், ஏழைப் பிள்ளையளுக்குக் கொப்பி குடுக்கிற இடம். தாண்டிப் போயிட்டன். பிறகு மச்சான்தான் சொன்னார் அது கணக்குப் பார்க்கிற இடமெண்டு. எங்களுக்கு ஆள்ட பேர் இருந்தா லேசு. "இன்னாரிட்ட போ" எண்டுதான் கடைத்தெருவில சொல்லுவாங்க.

நிலாவெளித் தம்பி
என்ட கெஸ்ட் ஹவுசுக்கு எண்சாத்திரக்காரர் சொல்லி ஆங்கிலப் பேரில ஒரு எச் கூட்டினன். பதிவுச் சான்றிதழில எச் இருக்கு, வாடிக்கையாளர் எழுதிற காசோலையில எச் இல்லை. பேங்கில ஒவ்வொரு தரமும் விளக்கம் சொல்ல வேண்டிக் கிடக்கு. ஒபிஸுக்கும் எண் பார்க்கிறது நல்லம்தானே? எத்தனையாம் எண் வரவேணும், ஆராவது தெரிஞ்சா சொல்லுங்கோ.

உவர்மலை ஐயா
தம்பி, உங்கட கதையிலேயே பதில் கிடக்கு. எச் வேண்டாம்.

மகள், நான் தணிக்கை வேலையில இருந்து ஓய்வு பெற்றவன். உங்களுக்குப் பிடிச்ச முதலாவது பேரை இண்டைக்கே வெட்டுங்கோ. 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தின்படி, "ஃபினான்ஸ்", "ஃபினான்சியல்" மாதிரிச் சொற்களை மத்திய வங்கியின்ட அனுமதி இல்லாமல் பேரில போட ஏலாது. சட்டத்தை விடுங்கோ, சனத்தின்ட காதையும் யோசியுங்கோ. வைப்புப் போட்டுக் காசு பறிகுடுத்த குடும்பங்கள் நாட்டில எத்தினை! அந்தச் சொல்லைக் கேட்டாலே நீங்கள் வட்டிக்குக் காசு வாங்கிற இடமெண்டு நினைப்பினம்.

தணிக்கை ஒபிசை "பிரைவேட் லிமிட்டட்" எண்டும் போட ஏலாது. கூட்டுப் பங்குதாரராயோ தனி ஆளாயோதான் நடத்தலாம். பேருக்குக் கீழ "பட்டயக் கணக்காளர்கள்" எண்டு ஒரு வரி வரும், அது பட்டயக் கணக்காளர் நிறுவன அங்கத்தவர்களுக்கு மட்டும். உண்மையில நம்பிக்கை குடுக்கிறது அந்த வரிதான். மேல இருக்கிற பேர் பெருமை பேசத் தேவையில்லை. "முதன்மை", "சிறந்த" மாதிரி மிகைப்படுத்தின சொல்லுகளுக்கு எங்கட ஒழுக்கக் கோவையும் இடம் குடுக்காது. போர்டு அடிக்க முதல் பேரை கொழும்பில அந்த நிறுவனத்துக்குக் காட்டி எழுத்தில பதில் எடுங்கோ.

தம்பலகாமத்தான்
ஐயா சொன்னது சரி. ஆனா ஒண்டு விட்டிட்டார். பிரதேச செயலகத்தில வியாபாரப் பேரைப் பதிஞ்சு போட்டா, பிறகு இலங்கையில வேற ஒருத்தரும் அந்தப் பேரைத் தொட ஏலாது. ஆனபடியா நல்ல பேரா பாத்து உடனே பதிஞ்சிடுங்கோ.

உவர்மலை ஐயா
பதியவேணும் எண்டது சரி. சொந்த முழுப் பேரில மட்டும் நடத்தினா தேவையில்லை, "அன்ட் கோ" ஒட்டின உடன தேவை. உங்களுக்குப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். ஆனா அந்தச் சான்றிதழ் "இந்தப் பேருக்குப் பின்னால இன்னார் நிக்கினம்" எண்டு ஊருக்குக் காட்டிறதுக்கு. பேரின்ட உறுதி இல்லை அது. மாகாணத்துக்கு மாகாணம் தனிப் பதிவு, கொழும்பில அதே பேரில இன்னொருத்தர் இருக்கலாம். கம்பனிப் பதிவாளரின்ட இணையத்தளத்திலயும் ஒருக்காத் தேடிப் பாருங்கோ.

கறுப்புக் கோட்டு
நான் சட்டத்தரணி, நொத்தாரிசும். தொடங்கின காலத்தில என்ட பேருக்குப் பின்னால "அசோசியேட்ஸ்" போட்டிருந்தன். ஒபிஸில நானும் ஒரு கிளாக்கரும்தான். மூதூரில இருந்து காணி வழக்குக்கு வந்த அம்மா ஒராள் கதிரையில இருந்து சுத்திப் பார்த்திட்டு, "மற்ற லோயர்மார் எப்ப வருவினம்?" எண்டு கேட்டா. நான்தான் பார்க்கிறனான் எண்டு சொன்ன பிறகு அவ உறுதியை பையில இருந்து வெளிய எடுக்கேல்ல. என்ட திறமையில அவவுக்குச் சந்தேகம் வரேல்ல, போர்டில இருந்த ஒரு சொல் பொய்யாத் தெரிஞ்சது, அவ்வளவுதான். அந்த சொல்லை எடுத்தாச்சு. நீங்கள் ரெண்டு பேர் எண்டா ரெண்டு பேர் எண்டு காட்டுங்கோ.

எங்கட பக்கம் இன்னும் இறுக்கம். 1988ஆம் ஆண்டு உயர்நீதிமன்ற ஒழுக்க விதியள் இருக்கு, ஆள்பிடிக்கிற மாதிரி ஒண்டும் செய்ய ஏலாது. "வெற்றி", "ஜெயம்" எண்டு பேர் வைக்க ஆசைப்பட்ட ஜூனியர் ஒராளுக்கு நான் சொன்னது, தோத்த வழக்குக்காரர் உன்ட போர்டைப் பார்த்துத்தான் வீட்ட போவார் எண்டு.

"கோணேசர்" பற்றி: எனக்குக் கோயில்ல பக்தி உண்டு. ஆனா திருமலையில கடையில இருந்து ஓட்டோ வரைக்கும் அந்தப் பேர்தான், எந்தக் கோணேசர் எண்டு கேட்க வேண்டி வரும். உங்கட கூட்டாளியின்ட வாடிக்கையாளரையும் யோசியுங்கோ.

நவரத்தினம் மகள்
அப்ப மிஞ்சிறது அப்பாமாரின்ட பேர். ஆனா அது பழைய காலத்து லோயர் ஒபிஸ் மாதிரி விறைப்பாக் கேட்குமோ எண்டு பயமாக் கிடக்கு.

உவர்மலை ஐயா
விறைப்பு வாறது பேரால இல்லை, பேருக்கு முன்னும் பின்னும் ஒட்டுற வாலுகளால. எழுத்துகளும் புள்ளியளும் "அன்ட் கோ"வும் பட்டங்களும் எல்லாம் ஒரே வரியில ஏறினா ஒருத்தரும் வாசிக்காயினம். கொழும்பில 1841இல தொடங்கின எஃப்.ஜே. அன்ட் ஜி. டி சேரம், 1879இல தொடங்கின ஜூலியஸ் அன்ட் கிறீசி எல்லாம் ஆக்களின்ட பேரிலதான் இண்டைக்கும் நிக்குது. அவையளுக்குக் குடும்பப் பேர் இருக்கு, எங்களுக்கு இல்லை. கே. சிவகுமார் எண்டு போட்டா இந்த ஊரிலேயே எத்தினை சிவகுமார்? நீங்கள் அப்பாட பேரை எடுத்தது இந்தச் சிக்கலை நல்லாத் தீர்க்குது.

போனில சொல்லிப் பாருங்கோ: "நவரத்தினம் ஹமீட்டில இருந்து கதைக்கிறம்." எதிர்ப்பக்கம் திரும்பிக் கேட்காது. சிங்களத்திலயும் ஆங்கிலத்திலயும் எழுதினாலும் பெரிசா மாறாது, வட்ட முத்திரையில நெருக்கமில்லாமல் அடங்கும். தணிக்கை அறிக்கையில கையெழுத்து ஒபிஸ் பேரில போறபடியா இதெல்லாம் சின்ன விசயமில்லை.

ஒண்டு மட்டும் முதலே எழுதி வையுங்கோ: ஒராள் விலகினா பேர் ஆரிட்ட நிக்கும், விலகினவர்ட வாப்பாட பேரை மற்றவர் எவ்வளவு காலம் பாவிக்கலாம். பங்குடைமை ஒப்பந்தத்தில இந்த வாசகம் இல்லாமல், கணக்குப் பிரிக்கிறதை விட பேர் பிரிக்கிறதில கூடச் சண்டை பிடிச்ச ஆக்களை நான் பார்த்திருக்கிறன்.

கறுப்புக் கோட்டு
இதில எனக்கும் ஐயாவுக்கும் ஒத்துவராது. உயிரோட இருக்கிற, கையெழுத்து வைக்கிற ஆளின்ட பேர்தான் போர்டில நிக்கவேணும் எண்டு நான் நினைக்கிறன். அப்பாவைத் தேடி வாற ஆளுக்கு என்ன சொல்லப் போறீங்கள்?

கிண்ணியா நாநா
ஹமீட் நாநாட மகன் எண்டா நான் வருவன். ஆனா ஏன் ஹமீட் ரெண்டாவது?

நவரத்தினம் மகள்
நாநா, அதைத்தான் அவரும் நேத்து கேட்டவர். அகர வரிசைப்படி வைச்சா தமிழ்ல நான் முதல், ஆங்கிலத்தில அவர் முதல். இன்னும் முடிவில்லை. ஒப்பந்தத்தை எழுத லோயரிட்ட குடுத்திருக்கிறம், பேருக்குரிய இடம் மட்டும் வெறுமையாக் கிடக்கு.