இரட்டைத் தொட்டிக் கணக்கு: லாப்லாஸ் தேவையா, அணிமுறை போதுமா?

மூன்றாமாண்டு:
தொட்டி A 200 லிட்டர், தொட்டி B 100 லிட்டர், இரண்டும் எப்போதும் நிரம்பியே இருக்கும். லிட்டருக்கு 0.2 கிலோ உப்புள்ள கரைசல் நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் A-க்குள் வருகிறது. A-யிலிருந்து B-க்கு 8 லிட்டர், B-யிலிருந்து A-க்குத் திரும்ப 3 லிட்டர், B-யிலிருந்து வெளியே 5 லிட்டர். தொடக்கத்தில் A-யில் நல்ல தண்ணீர், B-யில் 8 கிலோ உப்பு. லாப்லாஸ் போட்டு B-க்கு `y = 20 − 25e^(−0.02t) + 5e^(−0.1t)` என்று வந்தது. விடைப் பக்கத்தில் 25, 5 இருக்கும் இடத்தில் 23, 11 இருக்கிறது. அதை வரைந்து பார்த்தால் B-யில் உப்பு முதலில் குறைகிறது. கரைசல் உள்ளே வந்துகொண்டிருக்கும்போது எப்படிக் குறையும்? எது சரி?

உப்புக்கரைசல்:
உங்கள் விடைதான் சரி என்று நினைக்கிறேன். இறுதி மதிப்புத் தேற்றம் போட்டுப் பார்த்தேன், 20 கிலோ வருகிறது. 100 லிட்டரில் லிட்டருக்கு 0.2 என்றால் 20 தானே. விடைப் பக்கத்தில் அச்சுப்பிழையாக இருக்கும்.

வேதிப்பொறி:
அச்சுப்பிழை இல்லை. 20 வருவது உண்மை, ஆனால் அதை வைத்து இந்த விடையைச் சரி என்று சொல்ல முடியாது. இரண்டு அடுக்குகளும் குறைக்குறியோடு இருப்பதால், தொடக்கத்தில் என்ன இருந்ததோ அது காலப்போக்கில் கரைந்துபோகும். 8 கிலோ போட்டாலும் 80 கிலோ போட்டாலும் கடைசியில் 20-தான். தொடக்க நிலையில் செய்த தவற்றை இறுதி மதிப்பு காட்டிக்கொடுக்காது.

தம்பி, உங்கள் விடையில் t = 0 போடுங்கள். 20 − 25 + 5 = 0. கணக்கில் கொடுத்தது 8. y'-ஐ மாற்றும்போது sY என்று மட்டும் எழுதி, y(0)-ஐ விட்டுவிட்டீர்கள். x(0) பூஜ்யம் என்பதால் முதல் சமன்பாட்டில் கழிக்க ஒன்றும் இல்லை. அதே வேகத்தில் இரண்டாவதிலும் கை பழகிவிடுகிறது, இந்த வகைக் கணக்கில் அடிக்கடி நடப்பது இதுதான்.

சமன்பாடுகளை உப்பின் கிலோவில் எழுதுங்கள். வெளியேறும் குழாயின் ஓட்டத்தை, அது எந்தத் தொட்டியிலிருந்து கிளம்புகிறதோ அந்தத் தொட்டியின் கொள்ளளவால் வகுக்க வேண்டும். B-யிலிருந்து A-க்குத் திரும்பும் 3 லிட்டரை 100-ஆல் வகுக்கணும், 200-ஆல் இல்லை.

```
x' = −0.04x + 0.03y + 1        x(0) = 0
y' =  0.04x − 0.08y            y(0) = 8

(s+0.04)X − 0.03Y = 1/s
−0.04X + (s+0.08)Y = 8

D = (s+0.04)(s+0.08) − 0.0012 = (s+0.02)(s+0.1)

X = (1.24s + 0.08) / (s·D)
Y = (8s² + 0.32s + 0.04) / (s·D)
```

X-இல் உள்ள 1.24-ஐக் கவனியுங்கள். அதில் 0.24 என்பது B-யின் 8 கிலோவிலிருந்து வந்தது. அதாவது y(0)-ஐ விட்டால் y மட்டுமல்ல, x-உம் கெடும். ஆனால் x(0) அப்போதும் பூஜ்யமாகவே வரும், அதனால் x-ஐ மட்டும் சரிபார்த்தால் தப்பு தெரியாது. பகுதிப் பின்னமாகப் பிரித்தால்:

```
x = 40 − 34.5e^(−0.02t) − 5.5e^(−0.1t)
y = 20 − 23e^(−0.02t) + 11e^(−0.1t)
```

உப்பு ஏன் குறைகிறது என்று கேட்டீர்கள். முதல் நிமிடத்தில் A-யில் வெறும் தண்ணீர்தான். A-யிலிருந்து B-க்கு வரும் 8 லிட்டரில் உப்பே இல்லை, ஆனால் B-யிலிருந்து 8 லிட்டர் உப்புத் தண்ணீராகப் போகிறது. y'(0) = −0.64. வெளியிலிருந்து வரும் கரைசல் முதலில் A-யை உப்பாக்க வேண்டும், பிறகுதான் B-க்கு எட்டும். சுமார் 10.9-ஆவது நிமிடத்தில் B 5.2 கிலோவரை இறங்கி, அப்புறம் ஏறுகிறது. உங்கள் தவறான விடை 0-விலிருந்து ஏறிக்கொண்டே போனது, அதனால்தான் அது இயல்பாகத் தெரிந்தது.

அணிமொழி:
விடை சரி. ஆனால் இதற்கு இவ்வளவு பகுதிப் பின்னம் எதற்கு? நிலைத்த விடை 40, 20 என்று பார்த்தவுடனே தெரிகிறது, இரண்டு தொட்டியிலும் செறிவு 0.2. அணியின் ஐகன் மதிப்புகள் −0.02, −0.1. முதலாவதற்கு ஐகன் திசையன் (3, 2), இரண்டாவதற்கு (1, −2). மிச்சம் இரண்டு மாறிலிகள். t = 0-வில் விலகல் (−40, −12), அதைப் பிரித்தால் x-இன் கெழுக்கள் −34.5, −5.5. y-க்குத் தனியாக எதுவும் கணக்கிட வேண்டியதில்லை, முதல் கெழுவை 2/3-ஆல் பெருக்கினால் −23, இரண்டாவதை −2-ஆல் பெருக்கினால் 11. முடிந்தது.

இந்த வழியில் y(0)-ஐ மறக்கவே முடியாது, அது இல்லாமல் மாறிலி கிடைக்காது. இன்னொன்று, தொட்டிகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதே திசையனில் தெரிகிறது. மெதுவான பகுதியில் இரண்டு தொட்டியும் ஒரே பக்கம் நகர்கின்றன, வேகமான பகுதியில் ஒன்று கூடினால் மற்றது குறைகிறது. லாப்லாஸில் இது பின்னங்களுக்குள் புதைந்துபோகிறது.

வேதிப்பொறி:
அந்த விகிதத்தைச் சரிபார்க்கும் வழியாக நானும் எடுத்துக்கொள்கிறேன். லாப்லாஸில் போட்டவர்களும் கடைசியில் 23-ஐ 34.5-ஆல் வகுத்துப் பார்க்கலாம், 2/3 வரவில்லை என்றால் பகுதிப் பின்னத்தில் எங்கோ வழுக்கியிருக்கிறது. ஆனால் முழுக்க உங்கள் பக்கம் வரமாட்டேன். உள்ளே வருவது மாறாத ஓட்டம் என்பதால்தான் உங்கள் வழி இங்கே சுருக்கமாக இருக்கிறது. 30-ஆவது நிமிடத்தில் கரைசலை நிறுத்தி, அதே 5 லிட்டர் வீதம் நல்ல தண்ணீர் விட்டால்?

லாப்லாஸில் 1/s என்ற இடத்தில் `(1 − e^(−30s))/s` போடுகிறோம். D மாறாது, பழைய விடையும் மாறாது. அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் போதும். கழிக்க வேண்டியது, இரண்டு தொட்டியும் வெறும் தண்ணீராக இருக்கும்போது கரைசலைத் திறந்தால் B-யில் என்ன சேரும் என்பதை. தம்பி முதலில் போட்ட விடைதான் அது!

```
g(t) = 20 − 25e^(−0.02t) + 5e^(−0.1t)
t > 30:  y = [20 − 23e^(−0.02t) + 11e^(−0.1t)] − g(t−30)
```

40-ஆவது நிமிடத்தில் 9.87 − 1.37 = 8.50 கிலோ. 30-இல் இருந்தது 7.92. கரைசலை நிறுத்திய பிறகும் B-யில் உப்பு ஏறுகிறது, ஏனென்றால் அப்போது A-யின் செறிவு B-யைவிட அதிகம்.

மூன்றாமாண்டு:
நன்றி சார், y(0) புரிந்தது. இப்போது நிறுத்தும் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 30-ஆவது நிமிடத்தில் 7.92-இலிருந்து திடீரென்று 1.40-க்கு விழுகிறது. இதுவும் அந்தப் பழைய குறைதல் மாதிரிதானா?

வேதிப்பொறி:
இல்லை, இது பிழை. முதலில் பார்த்தது மெல்ல இறங்கும் வளைவு, இது ஒரே நொடியில் ஆறரை கிலோ காணாமல் போவது. குழாயில் நிமிடத்துக்கு 8 லிட்டர்தான் ஓடுகிறது, உப்பு அப்படி மறைய வழியே இல்லை. உள்ளே வருவதை எவ்வளவு திடீரென்று மாற்றினாலும் x, y இரண்டும் தொடர்ச்சியாகவே இருக்கும், y-யின் சாய்வுகூட இங்கே உடையாது, x-இன் சாய்வு மட்டும் மடங்கும். நீங்கள் g(t−30)-க்குப் பதில் g(t)-ஐக் கழித்திருக்கிறீர்கள். g(30) = 6.53, அதுதான் விழுந்த அளவு. `e^(−30s)` வந்தால் சார்புக்குள் இருக்கும் ஒவ்வொரு t-யும் t−30 ஆகணும். g(0) = 0 என்பதால் ஒட்டும் இடத்தில் துள்ளல் இருக்காது.

அணிமொழி:
30-ஆவது நிமிட மதிப்புகள் 20.79, 7.92. அவற்றைப் புதிய தொடக்கமாக வைத்து அதே திசையன்களில் இன்னொரு முறை பிரித்தாலும் 8.50 வரும். t−30 என்று மாற்ற மறக்கும் ஆபத்து அதில் குறைவு. பத்து முறை திறந்து மூடினால் லாப்லாஸ் எழுதச் சுருக்கம், ஒப்புக்கொள்கிறேன். ஒரு முறைக்கு என் வழியே சுத்தம்.

உப்புக்கரைசல்:
இரண்டு பேரும் சுற்றிப் போகிறீர்களோ? தொடர் தொட்டி என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முதல்படிக் காரணி, பெருக்கினால் முடிந்தது. A-க்கு 200/8 = 25 நிமிடம், B-க்கு 100/8 = 12.5 நிமிடம்.

வேதிப்பொறி:
திரும்பி வரும் 3 லிட்டர் இல்லாமல், 8 லிட்டரும் நேராக ஓடி வெளியேறினால் நீங்கள் சொல்வது சரி. திரும்பும் குழாய் இருக்கும்போது D-யில் அந்த −0.0012 வந்துவிடுகிறது. 25, 12.5 என்பவை 50, 10 ஆகின்றன. மெதுவான பகுதி இரண்டு மடங்கு மெதுவாகிறது, பெருக்கிப் போட்ட விடை தொட்டி சீக்கிரம் நிலைக்கு வந்துவிடும் என்று தப்பாகச் சொல்லும்.

வால்வு:
எங்கள் ஆய்வகத்தில் அடியில் குழாய் போட்டு இணைத்த இரண்டு தொட்டி இருக்கிறது. இதே லாப்லாஸ் போட்டும் நீர்மட்டம் ஒத்துவரவில்லை. காலித் தொட்டியிலிருந்து தொடங்கினால் ரொம்பவே விலகுகிறது. ஏன்?

அணிமொழி:
உங்களுடையது வேறு கணக்கு. இங்கே நீர்மட்டம் மாறவில்லை, செறிவுதான் மாறுகிறது, அதனால் சமன்பாடு நேரியல். உங்கள் தொட்டியில் ஓட்டம் மட்ட வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, அதற்கு லாப்லாஸ் நேரடியாகப் பொருந்தாது. ஒரு நிலைத்த மட்டத்தைப் பிடித்து, அதைச் சுற்றிச் சின்ன விலகலுக்கு மட்டும் நேரியலாக்கிப் போடுங்கள். காலியிலிருந்து நிரப்புவது சின்ன விலகல் இல்லை, அதற்கு எண்முறைதான்.

வால்வு:
சரி, முயன்று பார்க்கிறேன். ஆனால் உங்கள் கணக்கிலும் குழாய்க்குள் இருக்கும் தண்ணீரை யாரும் சேர்க்கவில்லையே. 25 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாய் 10 மீட்டர் நீளம் என்றால் அதற்குள் கிட்டத்தட்ட 5 லிட்டர் இருக்கும்.

வேதிப்பொறி:
8 லிட்டர் ஓட்டத்தில் அது 0.6 நிமிடத் தாமதம். 10, 50 நிமிடங்களுக்கு முன்னால் சிறியது, விட்டுவிடலாம் என்பது என் கருத்து. சேர்த்தால் போகும் குழாய், திரும்பும் குழாய் இரண்டின் தாமதமும் D-க்குள் `e^(−sT)` ஆக நுழையும். பிறகு D-யைக் காரணிப்படுத்த முடியாது, பகுதிப் பின்னமும் கிடையாது.

அணிமொழி:
திரும்பும் குழாயில் 3 லிட்டர்தான் ஓடுகிறது. அதுவும் 10 மீட்டர் என்றால் தாமதம் 1.6 நிமிடம். 10 நிமிடப் பகுதிக்கு முன்னால் அதை விடலாமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. எண்முறையில் ஓட்டிப் பார்க்காமல் விட்டுவிடலாம் என்று சொல்லமாட்டேன்.