கலைச்சொல் தேவை: படை போகும் வழியில் திறந்துவிடப்படும் சந்தை

நெய்தல் எழுதியது:

குழும நண்பர்களுக்கு வணக்கம். இரண்டாம் சிலுவைப்போர் பற்றிய நூலொன்றை மொழிபெயர்த்து வருகிறேன். மூன்றாம் இயலை வெள்ளிக்கிழமை பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

1147இல் பிரெஞ்சு மன்னர் ஏழாம் லூயி பாரிஸை ஒட்டிய செயின்ட் டெனியிலிருந்து புறப்பட்டு, வழியில் டான்யூப் ஆற்றை ஒட்டியும் நடந்து கான்ஸ்டாண்டிநோபிள் போய்ச் சேர்கிறார். இந்த இயல் முழுக்க "மார்க்கெட்" என்ற சொல் வருகிறது. பைசாந்தியப் பேரரசர் மனுவேல் மார்க்கெட் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார், இந்த ஊரில் மார்க்கெட் கொடுத்தார்கள், அந்த ஊரில் மறுத்தார்கள் என்று பக்கத்துக்குப் பக்கம். "சந்தை கொடுத்தார்கள்" என்று எழுதிப் பார்த்தேன். படித்துப் பார்த்த தோழி, "சந்தையை எப்படிக் கொடுப்பார்கள்?" என்று கேட்டாள். ஒரு நல்ல சொல் வேண்டும்.

செந்தமிழ்த்தொண்டன் எழுதியது:

அம்மா, சொல் நம்மிடம் இருக்கிறது. வழிநடைக்குக் கொண்டுபோகும் உணவுக்கு "ஆற்றுணா" என்று பெயர். "ஆற்றுணா வேண்டுவது இல்" என்கிறது பழமொழி நானூறு. ஆறு என்றால் வழி, உணா என்றால் உணவு. படைக்குரிய ஆற்றுணா என்று எழுதுங்கள். சந்தை என்பது வடமொழிச் "சந்தி"யிலிருந்து வந்தது என்று சொல்வார்கள் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலைக்குக் கூலியாக நெல்லும் உப்பும் கொடுத்த நாளில் பிறந்த சொல் "சம்பளம்". சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்தது அது. உண்டியே கூலியாக இருந்த காலம். படைக்குச் சோறு போடுவதும் சம்பளம் கொடுப்பதும் அன்று ஒரே செயல்.

ஓலைச்சுவடி எழுதியது:

சம்பளத்துக்கு அந்தச் சொற்பிறப்பைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வடமொழியில் "சம்பல" என்றாலே வழியுணவு என்றுதான் பொருள். அதை விட்டுவிட்டுச் சம்பாவுக்கும் அளத்துக்கும் போக வேண்டியதில்லை. இதைத் தனி இழையில் பேசுவோம், ஐயா.

நெய்தல் கேட்டதற்கு வருகிறேன். ஆற்றுணா இங்கே பொருந்தாது. அது கையோடு கொண்டுபோவது. லூயியின் படை எதிர்பார்த்தது வழியில் விலைக்கு வாங்கும் உணவை. வாங்கியவரும் மன்னர் மட்டும் இல்லை. ஒவ்வொரு பிரபுவும் வீரனும் யாத்திரிகனும் தன் கைக்காசைப் போட்டு வாங்கினான். அந்தக் காசுக்காகப் பலர் ஊரில் நிலத்தை மடங்களுக்கு ஒத்தி வைத்துவிட்டு வந்தார்கள். உறவினரோ நிலத்தின் மேல் உரிமையுள்ள பிரபுவோ கடன் தர முன்வராவிட்டால் திருச்சபையிடமே நிலத்தை அடகு வைக்கலாம் என்று 1145 டிசம்பரில் போப் மூன்றாம் யூஜீனியஸ் விடுத்த ஆணையே சொல்லியிருந்தது.

வாங்கும் இடத்தைக் கொடுப்பது அந்நாட்டு அரசன். கோட்டைக்கு வெளியே இந்த இடத்தில் வணிகர் வந்து விற்கலாம், படையினர் வந்து வாங்கலாம் என்று அவன் அனுமதித்தால் சோறு. இல்லையென்றால் கொள்ளை. அனுமதியும் இடமும் காசும் சேர்ந்ததுதான் இந்த "மார்க்கெட்".

தக்காணி எழுதியது:

இது நம் நாட்டில் இருந்ததுதானே? முகலாயப் படை போனால் கூடவே ஒரு நகரமே போகும். மளிகைக் கடை, சராப்புக் கடை, லாடம் அடிப்பவர் எல்லாம் உண்டு. உர்து பஜார் என்பார்கள். உர்து என்றாலே பாளையம்தான். வெளியிலிருந்து தானியத்தை லம்பாடிகள் பொதிமாட்டில் ஏற்றிக் கொண்டுவந்து தருவார்கள். "பாளையச் சந்தை" என்று வைத்துவிடலாம். தமிழ் வாசகருக்கு உடனே விளங்கும்.

பழைய ஹவில்தார் எழுதியது:

நான் பட்டாளத்தில் சப்ளை பிரிவில் இருந்தவன். எங்களிடம் இதற்கு ஒரே சொல்தான், ரேஷன். சமைக்கும் இடம் லங்கர். மேலிடத்திலிருந்து கிடங்குக்கு வரும், கிடங்கிலிருந்து யூனிட்டுக்குப் போகும். சந்தையில் வாங்கச் சொல்லி எந்தப் படையையும் அனுப்ப மாட்டார்கள். அந்த ராஜா ஏன் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போகவில்லை?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரு கிலோ தானியம், குதிரைக்கு 5 கிலோ. 10,000 பேரும் 2,000 குதிரைகளும் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 20 டன்.

ஓலைச்சுவடி எழுதியது:

ஹவில்தார் ஐயா, உங்கள் கேள்விக்கு உங்கள் கணக்கே பதில் சொல்கிறது. ஒரு கோவேறு கழுதை 100 கிலோ சுமக்கும் என்று கொள்வோம். ஒரு நாள் உணவுக்கு 200 கழுதைகள், பத்து நாளைக்கு 2,000. அந்த 2,000 கழுதைக்கும் தீனி வேண்டாமா? தலைக்கு 3 கிலோ என்றால் பத்து நாளில் 60 டன். அதைச் சுமக்க இன்னும் 600 கழுதை. அவற்றுக்கும் தீனி. புல் கிடைக்கும் பருவத்தில் கொஞ்சம் மிச்சமாகும், மலையிலும் குளிரிலும் அதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் மூட்டை கட்டிப் போக முடியாது. லூயியின் படை நடந்ததோ பல மாதம். கிடங்குக்குப் பொருள் அனுப்ப அன்று மேலிடமும் இல்லை.

தக்காணி, உங்கள் பாளையச் சந்தை படையோடு நகர்வது. இது அப்படி இல்லை. நகர்ந்தது படை, சந்தை அந்தந்த ஊரில் நின்றது. அதன் சாவி ஊர்க்காரர் கையில். கூடவே சில நாணயமாற்றுக்காரரும் வணிகரும் வந்திருக்கலாம், அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி. படையின் வயிறு நிறைந்தது அவர்களால் இல்லை.

லூயியோடு போன குரு, டூயியைச் சேர்ந்த ஓடோ, தான் கண்டதை எழுதிவைத்திருக்கிறார். பைசாந்திய எல்லைக்குள் பல ஊர்களில் கிரேக்கர்கள் கோட்டைக் கதவைச் சாத்திவிட்டு, மதில்மேலிருந்து கயிற்றில் கட்டி உணவை இறக்கி விற்றார்களாம். அது போதவில்லை, காத்திருக்கப் பொறுமையும் இல்லை. பசித்தவர்கள் கொள்ளையில் இறங்கினார்கள். கிரேக்கர் கதவைச் சாத்தியதற்கும் காரணம் உண்டு. முன்னால் போன ஜெர்மானியப் படை அதே வழியில் சூறையாடிவிட்டுப் போயிருந்தது.

அடுத்தது காசு. கான்ஸ்டாண்டிநோபிளில் ஒரு செப்புக்காசை 2 டெனாரியஸ் வெள்ளிக்காசுக்கும் குறைவாகக் கொடுத்து மாற்ற முடிந்தது. நகரைக் கடந்து மூன்று நாள் நடந்ததும் அதே செப்புக்காசுக்கு 5, 6 டெனாரியஸ் கேட்டார்கள். கையிருப்பு அதே அளவுதான், வாங்கும் சோறு மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. ஊரில் ஒத்தி வைத்து வாங்கிய பணம் இப்படிக் கரைந்தது.

வகுப்பறை எழுதியது:

பதினொன்றாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். மேலே சொன்ன கயிற்றுச் செய்தி ஒன்றே போதும், மாணவருக்கு முழுதும் புரிந்துவிடும். அதனால் சொல் எளிதாக இருக்கட்டும். "வழிச்சந்தை" எப்படி? வாரச்சந்தை, மாட்டுச்சந்தை அவர்களுக்குத் தெரியும். அந்த வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

செந்தமிழ்த்தொண்டன் எழுதியது:

சந்தை வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து நாளங்காடி இருக்கிறது. மதுரையில் அல்லங்காடியும் உண்டு. காலத்தை வைத்து அங்காடிக்குப் பெயரிட்டவர்கள் நம் முன்னோர். இடத்தை வைத்து "வழியங்காடி" என்போம். "படையங்காடி" என்றாலும் சரி. கன்னடத்திலும் மலையாளத்திலும் இச்சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. நாம் மட்டும் ஏன் கைவிட வேண்டும்?

வகுப்பறை எழுதியது:

ஐயா, அங்காடி என்றால் என் மாணவருக்கு நியாயவிலை அங்காடியும் பல்பொருள் அங்காடியும்தான் நினைவுக்கு வரும். கட்டடம், கூரை, பலகை. மதிலுக்கு வெளியே வெட்டவெளியில் நடந்ததை அது காட்டாது. படையங்காடி என்றால் ஆயுதம் விற்கும் கடை என்றே எழுதுவார்கள்.

நெய்தல் எழுதியது:

வழிச்சந்தை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு சிக்கல். யாத்திரை வழியில் தானாகக் கூடும் கடைகளையும் அப்படிச் சொல்லலாமே? அரசன் அனுமதி என்ற பொருள் விட்டுப்போகிறது. "உடன்பாட்டுச் சந்தை" என்று போடட்டுமா?

ஓலைச்சுவடி எழுதியது:

எல்லாப் பொருளையும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டியதில்லை, அம்மா. வினையில் பாதியை வையுங்கள். "கொடுத்தார்" என்பதை விட்டு "வழிச்சந்தை திறந்தார்", "வழிச்சந்தையை அடைத்தார்" என்று எழுதிப் பாருங்கள். திறப்பவனும் அடைப்பவனும் யார் என்பது தானாக வந்துவிடும். அடைப்பது ஓர் ஆயுதமாகவே இருந்தது. கான்ஸ்டாண்டிநோபிளை ஒட்டிய நீரிணையைக் கடந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். நாணயமாற்றுக்காரர்கள் தங்கத்தையும் வெள்ளிப் பாத்திரங்களையும் பலகையில் பரப்பி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஃபிளாண்டர்ஸ்காரன் பாய்ந்து அள்ளினான், கூட்டமும் சேர்ந்துகொண்டது. வணிகர் ஓட்டம் பிடித்தார்கள், சந்தை நின்றுபோனது. லூயி அவனைப் பிடித்து நகரத்தார் கண்முன் தூக்கிலிட்டார். இழந்தவர்களுக்கு ஈடும் கொடுத்தார். ஒருவன் கொள்ளையடித்தால் மொத்தப் படையும் பட்டினி கிடக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

இதன் மறுபக்கம் ஆசியா மைனரில். 1148 ஜனவரியில் லவோதிகேயாவுக்குப் போனபோது மக்கள் உணவை எடுத்துக்கொண்டு ஊரைக் காலிசெய்திருந்தார்கள். திறக்கவும் அடைக்கவும் ஆளே இல்லை. கட்மஸ் மலையில் முன்னணி கட்டளையை மீறி மலையைத் தாண்டி இறங்கிவிட, நடுவில் சிக்கிய பொதிவிலங்குகளையும் மக்களையும் துருக்கியர் வெட்டிச் சாய்த்தார்கள். அதன்பிறகுதான் எல்லோரும் டெம்ப்ளர் துறவிவீரருக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்தார்கள். கில்பர்ட் என்பவர் தலைவர், அவருக்குக் கீழே உதவித் தலைவர்கள், ஒவ்வொருவர் பொறுப்பிலும் 50 குதிரை வீரர். குதிரைகளைத் தின்றுகொண்டே அட்டாலியா துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். படை கலையாமல் அங்கே வரை வந்தது அந்தச் சத்தியத்தால்.

பழைய ஹவில்தார் எழுதியது:

துறைமுகத்துக்கு வந்துவிட்டார்களே, பிறகு ஏன் கலைந்தது?

ஓலைச்சுவடி எழுதியது:

கப்பல் கட்டணம் ஆளுக்கு 4 மார்க் வெள்ளி. கப்பலும் போதவில்லை. மன்னரும் பிரபுக்களும் ஏறினார்கள். காலாட்களைத் தரைவழியே அழைத்துப்போகச் சொல்லிக் கிரேக்கரிடம் 500 மார்க் கொடுத்துவிட்டுப் போனார். அந்த ஏற்பாடு நிற்கவில்லை. கைவிடப்பட்டவர்களில் 3,000க்கு மேற்பட்ட இளைஞர்கள், சோறு கொடுத்த துருக்கியரோடு போய்விட்டதாக ஓடோ எழுதுகிறார். எண்ணிக்கை சரியோ மிகையோ, காரணம் தெளிவு. தோற்ற மலையில் கலையாத படை, காசு தீர்ந்த துறைமுகத்தில் கலைந்தது. லூயியின் கையும் காலிதான். டெம்ப்ளர்களிடம் கடன்பட்டு, அதில் 2,000 மார்க்கைத் திருப்பித் தரும்படி பிரான்சில் ஆட்சியைப் பார்த்துக்கொண்ட மடத்தலைவர் சூஜேவுக்குக் கடிதம் எழுதினார்.

தக்காணி எழுதியது:

நகரும் சந்தைக்குப் பாளையச் சந்தை, நிற்கும் சந்தைக்கு வழிச்சந்தை. இரண்டையும் பட்டியலில் சேர்க்கலாம். முதலாவது நெய்தலுக்கு இப்போது தேவைப்படாவிட்டாலும், தக்காண வரலாறு எழுதுகிறவருக்கு உதவும்.

செந்தமிழ்த்தொண்டன் எழுதியது:

பெரும்பான்மை சந்தைப் பக்கம் என்பது தெரிகிறது. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். பட்டியலில் "வழியங்காடி" மாற்றுச் சொல்லாகவேனும் இருக்கட்டும். ஆற்றுணாவையும் விட்டுவிடாதீர்கள். மலை ஏறுமுன் மூட்டை கட்டிய தானியத்துக்கு அதைவிட நல்ல சொல் கிடைக்காது.

நெய்தல் எழுதியது:

ஆற்றுணாவை அந்த இடத்தில் போட்டுவிட்டேன் ஐயா, மிக நன்றாகப் பொருந்துகிறது. "மார்க்கெட்" வரும் இடங்களில் வழிச்சந்தை, வினை திற, அடை. முதல்முறை வரும்போது மட்டும் "அரசன் அனுமதித்த வழிச்சந்தை" என்று விரித்து எழுதுகிறேன். "உடன்பாட்டுச் சந்தை"யை மனம் இன்னும் விடவில்லை. பதிப்பாசிரியர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம். அடுத்த இயலில் காலாட்கள் கிராமங்களில் தீவனமும் தானியமும் பறித்து வரும் பகுதி இருக்கிறது. அனுமதியோடு எடுப்பதற்கும் சூறையாடலுக்கும் நடுவில் நிற்கும் அந்தச் செயலுக்கும் ஒரு சொல் வேண்டும். ஞாயிறன்று புது இழை தொடங்குகிறேன்.