ஊறவைத்து, மூடிவைத்து, ஒரே குக்கரில் அடுக்கினால் கேஸ் மிச்சமாகுமா?

உஷா_திருச்சி:
வீட்டில் நாலு பேர். 14.2 கிலோ சிலிண்டர் முன்பு 45 நாள் வரும், இப்போது 36 நாளில் தீர்ந்துவிடுகிறது. "பருப்பை ஊறப்போடு, மூடி போட்டுச் சமை, காயைச் சின்னதாக நறுக்கு, எல்லாவற்றையும் ஒரே குக்கரில் வை" என்கிறார் மாமியார். "அதில் பத்து நிமிஷம்தான் மிச்சம், அதற்கு இவ்வளவு வேலையா" என்கிறார் கணவர். ஒருமுறை ஒரே குக்கரில் வைத்துப் பார்த்தேன். சாதம் குழைந்துவிட்டது, துவரம்பருப்பு முழுசு முழுசாக நின்றது. யார் சொல்வது சரி?

கணக்குப்பிள்ளை:
உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. வீட்டு அடுப்பின் பெரிய பர்னரை முழுத் தீயில் வைத்தால் மணிக்குச் சுமார் 150 கிராம் கேஸ் போகும். பத்து நிமிஷம் என்றால் 25 கிராம். உங்கள் வீட்டில் 36 நாளுக்கு 14.2 கிலோ, அதாவது ஒரு நாளைக்கு 394 கிராம். அதில் 25 கிராம் மிச்சம் பிடித்தால் சிலிண்டர் இரண்டு நாள் கூட வரும், அவ்வளவுதான். ஒன்பது நாள் குறைந்ததற்குக் காரணம் வேறு எங்கேயோ இருக்கிறது.

அடுப்புக்கடை_கும்பகோணம்:
கணக்கு சரி, ஆனால் பத்து நிமிஷம் என்று எடுத்துக்கொண்டது தப்பு. நான் இருபது வருஷமாக குக்கர், ஸ்டவ் ரிப்பேர் பார்க்கிறேன். கடைக்கு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: பருப்புக்கு எத்தனை விசில், விசில் வந்த பிறகு தீயைக் குறைக்கிறீர்களா? அம்மா, நீங்கள் எப்படி வைக்கிறீர்கள், அதைச் சொல்லுங்கள்.

உஷா_திருச்சி:
சாதத்துக்கு மூன்று விசில், பருப்புக்கு ஆறு, உருளைக்கிழங்கு முழுசாகப் போட்டு நாலு. மூன்றும் தனித்தனியாக, பெரிய பர்னரில்தான். தீயைக் குறைப்பதில்லை, விசில் எண்ணிக்கை முடிந்ததும் அணைத்துவிடுவேன்.

அடுப்புக்கடை_கும்பகோணம்:
கேஸ் போகிற வழி அதுதான். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஒரு பங்கு சூடு வேண்டும் என்றால், அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க ஏழு, எட்டுப் பங்கு வேண்டும். குக்கருக்குள் ஒருமுறை அழுத்தம் ஏறிவிட்டால் உள்ளே ஏறக்குறைய 120 டிகிரி. தீயை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் சூடு ஏறாது, வெயிட் தூக்கி ஆவியாக வெளியே தள்ளிவிடும். கூடுதல் தீயால் பருப்பு ஒரு நிமிஷம்கூட முன்னால் வேகாது.

கடையில் ஒருநாள் அளந்தே பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, முழுத் தீயில் ஆறு விசில் விட்டு, ஆறிய பிறகு திரும்ப அளந்தால் 860 மில்லிதான் இருந்தது. போன தண்ணீர் அவ்வளவையும் ஆவியாக்கியது உங்கள் கேஸ்.

முதல் விசில் வந்ததும் சிம். வெயிட் லேசாக 'ஸ்ஸ்' என்று முனகிக்கொண்டே இருக்க வேண்டும், விசில் அடிக்கக்கூடாது. சத்தமே இல்லாமல் அடங்கிப்போனால் தீ ரொம்பக் குறைவு, உள்ளே அழுத்தம் இறங்குகிறது என்று அர்த்தம். சின்ன பர்னருக்கு மாற்றினால் இந்த நிதானம் சுலபமாகக் கிடைக்கும்.

செல்லூர்க்காரி:
எல்லாவற்றுக்கும் மூடி என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் அம்மா கீரையை மூடவே மாட்டார், மூடினால் பச்சை நிறம் போய்விடும். வத்தக்குழம்பை மூடிவைத்தால் அது எப்போது சுண்டும்? துவரம்பருப்பை மணிக்கணக்கில் ஊறவைத்தால் அந்த மணமே போய்விடுகிறது. கேஸ் மிச்சம் என்று சாப்பாட்டைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுப்புக்கடை_கும்பகோணம்:
அக்கா, குழம்பு சுண்ட வேண்டுமானால் மூடி கூடாதுதான், அங்கே ஆவி போவதுதான் வேலையே. கீரையும் நீங்கள் சொல்வதுபோலத்தான். ஆனால் அதே குழம்பில் காய் வேகும் வரைக்கும் மூடலாமே? வெந்த பிறகு திறந்து சுண்டவிடுங்கள். நிறையப் பேர் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, முதலிலிருந்தே திறந்துவைத்துக் கொதிக்கவிடுகிறார்கள். ஊற்றிய தண்ணீரைச் சூடாக்க ஒரு செலவு, திரும்ப அதை வற்றவைக்கப் பெரிய செலவு.

வடித்தசோறு:
எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை, அதனால் வடித்த சோறுதான். குக்கர் சாதம் அவர் தொடமாட்டார். எங்களுக்கு என்ன வழி? புழுங்கலரிசி, முக்கால் மணி நேரம் கொதிக்கிறது.

இரண்டுஷிஃப்ட்:
எங்கள் வீட்டிலும் அதேதான். தெர்மல் குக்கர் வாங்கினோம். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, உள் பாத்திரத்தில் மூடி பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அப்படியே தூக்கி வெளிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவோம். முக்கால் மணி கழித்து எடுத்து வடிப்போம். நடுவில் திறந்து பார்த்தால் சூடு இறங்கி அரிசி நடுவில் வேகாமல் நிற்கும், அதை மட்டும் கவனியுங்கள்.

உஷா அக்கா கேட்டதற்கு வருகிறேன். சாதம் குழைந்து பருப்பு வேகாமல் போனதற்குக் காரணம், இரண்டையும் ஒரே நேரத்தில் வேகவைக்க நினைத்தீர்கள், ஆனால் இரண்டுக்கும் வேகிற நேரம் வேறு. ஊறவைப்பதும் நறுக்குவதும் தனித்தனியாக எவ்வளவு மிச்சப்படுத்தும் என்று நான் பார்ப்பதே இல்லை. ஒரே குக்கரில் வைக்கிற எல்லாம் ஒரே நேரத்தில் வேக வேண்டும், அதற்காகத்தான் செய்கிறேன். காலை ஷிஃப்டுக்குப் போகிறவள், தினமும் இப்படித்தான்.

5 லிட்டர் உயரக் குக்கர். அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர், அதில் துளைத் தட்டு. கீழ்ப் பாத்திரத்தில் அரை மணி நேரம் ஊறிய துவரம்பருப்பு முக்கால் டம்ளர், அதற்கு மேல் இரண்டு விரற்கடைத் தண்ணீர், மஞ்சள்தூள், ஒரு சொட்டு எண்ணெய். பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது, பொங்கும். பருப்பு அடியில் இருந்தால் சூடு அதற்குத்தான் முதலில். மேல் பாத்திரத்தில் பச்சரிசி ஒரு டம்ளர், அரிசியை நான் ஊறவைப்பதில்லை. தண்ணீர் இரண்டுக்குப் பதில் ஒன்றே முக்கால், ஏனென்றால் பாத்திரத்திலிருந்து ஆவி அவ்வளவு போகாது. அதன்மேல் ஒரு சின்னத் தட்டு. குக்கர் மூடியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் சாதத்தில் விழாமல் அதுதான் தடுக்கும். உங்களுக்குக் குழைந்தது அநேகமாக இதனால்தான். உருளைக்கிழங்கு இரண்டைத் தோலோடு பாதியாக வெட்டிப் பாத்திரத்தின் பக்கவாட்டு இடைவெளியில் செருகிவிடுவேன்.

முழுத் தீயில் முதல் விசில் வர ஒன்பது நிமிஷம். சிம்மில் ஒன்பது நிமிஷம். அணைத்துவிட்டு வெயிட்டைத் தொடமாட்டேன், தானாக இறங்கப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும், அந்த நேரமும் உள்ளே வெந்துகொண்டேதான் இருக்கும்.

செல்லூர்க்காரி:
பீன்ஸையும் அதிலேயே வைப்பீர்களா? நான் வைத்தேன், சாம்பல் நிறமாகிக் கூழாகிவிட்டது. சின்னதாக நறுக்கச் சொன்னார்கள் என்று பொடியாக வேறு நறுக்கியிருந்தேன்.

இரண்டுஷிஃப்ட்:
பீன்ஸை நான் வைப்பதில்லை, அதற்கு இரண்டு நிமிஷம் போதும், வாணலியில் மூடி போட்டுவிடுவேன். "சின்னதாக நறுக்கு" என்பது தனியாக வேகவைக்கிற காய்க்குச் சொன்னது. துண்டின் கனம் பாதியானால் உள்ளே சூடு போய்ச் சேருகிற நேரம் ஏறக்குறைய கால்வாசி ஆகிவிடும், அதனால் பீட்ரூட்டுக்கும் சேனைக்கும் அது பெரிய வித்தியாசம். ஆனால் ஒரே குக்கர் என்றால் சீக்கிரம் வேகிற கேரட்டைப் பெரிதாகவும், பீட்ரூட்டைப் பொடியாகவும் நறுக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
சரி, இப்போது கணக்கைத் திருத்துகிறேன். உஷா தனித்தனியாக வைக்கும்போது மூன்றுக்கும் சேர்த்து முழுத் தீயில் குறைந்தது 32 நிமிஷம் ஓடும் என்று வைத்துக்கொண்டால் 80 கிராம். அடுக்கி வைத்தால் ஒன்பது நிமிஷ முழுத் தீக்கு 22 கிராம், சிம்முக்கு ஏழெட்டு கிராம், மொத்தம் 30. தினம் 50 கிராம் மிச்சம். 36 நாள் சிலிண்டர் 41 நாள் ஓடும். நான் முதலில் சொன்னதைவிடக் கூடுதல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முன்பும் இப்படித்தானே தனித்தனியாகச் சமைத்தீர்கள், அப்போது 45 நாள் வந்ததே? அந்தக் குறைவுக்கு இது விளக்கம் ஆகாது.

அடுப்புக்கடை_கும்பகோணம்:
நியாயமான கேள்வி. அம்மா, இரண்டைப் பாருங்கள். முதல் விசிலுக்கு முன்னால் குக்கர் மூடியின் ஓரத்தில் ஆவி கசிகிறதா? கசிந்தால் கேஸ்கட் இறுகிப்போயிருக்கும், அழுத்தம் ஏற ஏற வெளியே போய்க்கொண்டே இருக்கும், மாற்றிவிடுங்கள். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக நின்று பாத்திர அடி கருக்கிறதா? பர்னர் ஓட்டை அடைத்திருக்கும். டியூப் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருகிறதா என்றும் பாருங்கள். நுரைத்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டு ஏஜென்சியைக் கூப்பிடுங்கள், தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது.

போர்த்தண்ணி_தாம்பரம்:
நான் கொண்டைக்கடலையை ராத்திரி முழுக்க ஊறவைத்தும் பத்து விசிலுக்கு வேகவில்லை. ஊறவைப்பதெல்லாம் ஏமாற்று வேலை.

இரண்டுஷிஃப்ட்:
ஊறவைத்ததும் வேகவைத்ததும் போர்த் தண்ணீரிலா? உப்புத்தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு பயறின் தோலை இறுக்கிவிடும். ஒருமுறை இரண்டுக்கும் குடிதண்ணீரை எடுத்துப் பாருங்கள். புளியும் தக்காளியும் கடலை வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். அப்படியும் வேகாவிட்டால் கடலை பழசு.

செல்லூர்க்காரி:
ஊறவைத்த தண்ணீரைக் கொட்டுவதா, அதிலேயே வேகவைப்பதா? சத்து போய்விடும் என்று மாமியார் கொட்டவிடமாட்டார்.

அடுப்புக்கடை_கும்பகோணம்:
எங்கள் வீட்டில் கொட்டிவிடுவோம், வயிற்றுப் பொருமல் குறைகிறது என்பது எங்கள் அனுபவம். துவரம்பருப்புக்குக் கொட்டுவதில்லை.

வடித்தசோறு:
நாங்கள் கொண்டைக்கடலைக்கும் கொட்டுவதில்லை, யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

உஷா_திருச்சி:
நாலு நாளாக அடுக்கி வைக்கிறேன். சாதத்தின்மேல் தட்டு வைத்ததும் குழைவது நின்றுவிட்டது, பருப்பைக் கரண்டியால் அழுத்தினால் மசிகிறது. கேஸ்கட்டைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தேன், ஒரு இடத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தது, மாற்றிவிட்டேன். சோப்புத் தண்ணீரில் நுரை வரவில்லை. காலண்டரில் சிலிண்டர் மாற்றிய தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன். 41 நாள் வருகிறதா என்று கணக்குப்பிள்ளை ஐயாவுக்குச் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
சொல்லுங்கள். நடுவில் விருந்தாளிகள் வந்த நாட்களையும் அதிலேயே குறித்துவையுங்கள், இல்லையென்றால் எதனால் கூடியது, எதனால் குறைந்தது என்று பிரிக்க முடியாது.