ஸ்பிரிங்கைப் பக்கவாட்டில் ஆட்டினால் குறுக்கலையா, நெட்டலையா? நாளைக்குப் பரீட்சை

சாட்ஸ்வொர்த்_அம்மா | இரவு 7.12
வணக்கம். மகன் பத்தாம் வகுப்பு, இயற்பியல் எடுத்த முதல் வருடம். வகுப்புத் தேர்வில் அலைகள் பாடத்தில் இரண்டு கேள்வி தவறு என்று போட்டுவிட்டார்கள். ஒன்றில் ஸ்பிரிங்கைப் பக்கவாட்டில் ஆட்டுகிறார்கள், இன்னொன்றில் மேலும் கீழும் ஆடுகிறது. மேலும் கீழும் போனால் குறுக்கலை, இல்லாவிட்டால் நெட்டலை, அவ்வளவுதானே? நான் படித்த காலத்திலும் அப்படித்தான் ஞாபகம். அவனும் அதைத்தான் எழுதியிருக்கிறான், இரண்டுமே தப்பாம். திருத்தியவர் தவறா, நாங்கள் தவறா? நாளைக் காலை பரீட்சை, சீக்கிரம் சொல்லுங்கள், பையன் அழாத குறை.

ரோபோட்டில்_நிற்பவன் | 7.20
அக்கா, பக்கவாட்டில் என்றால் யாருக்குப் பக்கவாட்டில்? ஸ்பிரிங் தரையில் கிடக்கிறதா, தொங்குகிறதா? கேள்வியை அப்படியே போட முடியுமா?

நெற்றிக்கண் | 7.24
பாதிக் கேள்வியைப் போட்டுவிட்டு முழுப் பதில் கேட்பது இங்கே வழக்கமாகிவிட்டது. இது அடிப்படை விஷயம், இதே பகுதியில் நானே 3 தடவை எழுதியிருக்கிறேன், தேடிப் பார்க்கப் பொறுமை இல்லை. நார்த் பீச்சுக்குப் போய்க் கடலைப் பாருங்கள், தண்ணீர் மேலும் கீழும் போகிறது, அது குறுக்கலை. வூவுசெலாவை ஊதுங்கள், அது நெட்டலை. முடிந்தது.

மல்லிகைப்பந்தல் | 7.31
பக்கவாட்டில் ஆட்டினால் நெட்டலைதான். படத்தில் ஸ்பிரிங்கை இடமிருந்து வலமாகத்தான் வரைவார்கள். கையை இடமும் வலமுமாகத் தள்ளி இழுத்தால் சுருள்கள் நெருங்கியும் விலகியும் ஓடும். என் பார்வையில் உங்கள் மகன் எழுதியது சரி, மறுபடி திருத்தக் கேளுங்கள்.

ரோபோட்டில்_நிற்பவன் | 7.35
அதைத்தான் நான் கேட்கிறேன். நீங்கள் படத்தைப் பார்ப்பவருக்கு இடம் வலம் சொல்கிறீர்கள். ஸ்பிரிங்கைக் கையில் பிடித்து நிற்பவருக்கு அது முன்னும் பின்னும். அவருடைய பக்கவாட்டு வேறு. அக்கா வந்து சொல்லட்டும்.

சாட்ஸ்வொர்த்_அம்மா | 7.52
மன்னிக்கவும், ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். மகனிடம் கேட்டேன். முதல் கேள்வி, ஸ்பிரிங்கை வகுப்பறைத் தரையில் கதவிலிருந்து கரும்பலகை வரை நீட்டி வைத்து, கதவருகே இருப்பவர் கையை ஜன்னல் பக்கம் சட்டென்று கொண்டுபோய்த் திரும்ப வைக்கிறார். இவன் மேலே கீழே எதுவும் போகவில்லை என்று நெட்டலை எழுதினான். இரண்டாவது, கொக்கியில் தொங்கும் ஸ்பிரிங், கீழ்முனையைக் கொஞ்சம் இழுத்து விடுகிறார்கள். சுருள்கள் மேலும் கீழும் ஆடுவதால் குறுக்கலை என்று எழுதினான்.

ஓய்வு_வாத்தியார் | 8.04
அம்மா, இப்போது தெளிவாக இருக்கிறது. திருத்தியவர் சரி. நல்ல வேளை, உங்கள் மகன் செய்தது இரண்டு தவறு இல்லை, ஒரே தவறுதான் இரண்டு இடத்தில் விழுந்திருக்கிறது. மேல், கீழ் என்பதற்கும் இந்தப் பெயர்களுக்கும் சம்பந்தமே கிடையாது. புத்தகத்தில் குறுக்கலையைத் தாளில் மேலும் கீழுமாக வரைகிறார்கள், பிள்ளைகள் படத்தை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். 30 வருடம் இதே தப்பைச் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன்.

நம் பேச்சிலேயே விடை இருக்கிறது. பூனை குறுக்கே போனது என்கிறோம். பூனை மேலே தாவியதா? இல்லை, நாம் போகும் வழியை வெட்டிக்கொண்டு தரையோடு தரையாகத்தான் போனது. அலைக்கும் ஒரு வழி உண்டு. அந்த வழிக்குக் குறுக்கே பொருள் ஆடினால் குறுக்கலை, அந்த வழியோடு நெடுக ஆடினால் நெட்டலை.

அதனால் மகனிடம் இரண்டு அம்புக்குறி போடச் சொல்லுங்கள். முதல் அம்பு, ஆட்டம் எந்தப் பக்கம் பயணம் செய்கிறது. இரண்டாவது, ஒரே ஒரு சுருள் எந்தப் பக்கம் அசைகிறது. முதல் கேள்வியில் துடிப்பு கதவிலிருந்து கரும்பலகைக்கு ஓடுகிறது, ஒவ்வொரு சுருளும் ஜன்னல் பக்கம் போய்த் திரும்புகிறது. இரண்டு அம்பும் செங்குத்தாக வெட்டுகின்றன, குறுக்கலை. இரண்டாவதில் துடிப்பு கீழ்முனையிலிருந்து கொக்கியை நோக்கி மேலே ஏறுகிறது, சுருளும் மேலும் கீழும்தான் போகிறது. அம்புகள் ஒரே கோட்டில் கிடக்கின்றன, நெட்டலை. வகுப்பறையையே கவிழ்த்துப் போட்டாலும் இந்த விடை மாறாது.

மல்லிகைப்பந்தல் | 8.09
சரி சரி, நான் தாளில் இருக்கும் ஸ்பிரிங்கை நினைத்துவிட்டேன். மறுபடி திருத்தக் கேட்க வேண்டாம்!

ரோபோட்டில்_நிற்பவன் | 8.15
நான் தினமும் ஹிக்கின்சன் ஹைவேயில் பார்க்கும் நெட்டலை ஒன்று சொல்கிறேன். முன்னால் ஒரு டாக்சி திடீரென்று ஆள் ஏற்ற நிற்கும், பிரேக் விளக்குகள் ஒன்றன் பின் ஒன்றாகப் பின்னோக்கி எரிந்துகொண்டே வரும். நெரிசல் வண்டிக்கு வண்டி பின்னால் நகர்கிறது, வண்டிகள் எல்லாம் முன்னால் போகின்றன. வாத்தியாரே, இரண்டும் எதிரெதிர்த் திசை, இதுவும் நெட்டலைதானே?

ஓய்வு_வாத்தியார் | 8.22
எதிரெதிராக இருந்தாலும் ஒரே கோடுதான், அது போதும். நெருக்கமும் இடைவெளியும் நகர்வதைக் காட்ட நல்ல உதாரணம். ஆனால் பரீட்சையில் எழுத வேண்டாம். உண்மையான ஒலி அலையில் காற்று கொஞ்சம் முன்னே போய்ப் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். உங்கள் வண்டிகள் திரும்பி வருவதில்லை, வேலைக்குப் போய்விடுகின்றன.

வெள்ளிக்கிழமை_விரதம் | 8.26
இங்கேயே கேட்டுவிடுகிறேன், என் மகளுக்கும் இதே பாடம். ஒலி நெட்டலை என்கிறீர்கள். அவள் போனில் ஒலியைப் பதிவு செய்யும் செயலி வைத்திருக்கிறாள், வீட்டில் உருமியைத் தட்டினால் திரையில் மேலும் கீழும் வளைந்து வளைந்துதான் வருகிறது. நேரில் பார்ப்பதை நம்புவதா, புத்தகத்தை நம்புவதா?

ஓய்வு_வாத்தியார் | 8.34
திரையில் நீங்கள் பார்ப்பது காற்றின் படம் இல்லை, ஒரு வரைபடம். கோடு மேலே போனால் மைக் இருக்கும் இடத்தில் அழுத்தம் கூடியது என்று பொருள், கீழே வந்தால் குறைந்தது. இடமிருந்து வலம் ஓடுவது நேரம். ஆஸ்பத்திரியில் கட்டில் காலடியில் காய்ச்சல் அட்டை மாட்டுவார்களே, அதில் கோடு மேலே ஏறினால் நோயாளி கூரைமேல் ஏறிவிட்டார் என்றா நினைப்போம்? உருமியின் தோல் முன்னே வரும்போது காற்றை நெருக்குகிறது, பின்னே போகும்போது விலக்குகிறது, அந்த நெருக்கம்தான் உங்கள் காதுவரை வருகிறது.

தூண்டில்காரன் | 8.41
நெற்றிக்கண் அண்ணே, நீங்கள் சொன்ன கடல் விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம். பாலத்தில் தூண்டில் போட்டு உட்கார்ந்து மிதவையை வருடக்கணக்கில் பார்க்கிறேன். அலை உடையும் இடத்துக்கு அப்பால், முகடு வரும்போது மிதவை மேலே ஏறுவதோடு கரைப்பக்கம் கொஞ்சம் போகும், பள்ளம் வரும்போது கடல்பக்கம் திரும்பும். மேலும் கீழும் மட்டும் போவதில்லை.

நெற்றிக்கண் | 8.45
காற்று தள்ளியிருக்கும், நீரோட்டம் இருந்திருக்கும். எல்லாப் புத்தகத்திலும் நீரலை குறுக்கலைக்கு உதாரணமாக இருக்கிறது. மீன் பிடிப்பது வேறு, இயற்பியல் வேறு.

ஓய்வு_வாத்தியார் | 8.53
தூண்டில்காரர் பார்த்தது சரி. காற்றோ நீரோட்டமோ ஒரே பக்கம் இழுத்துக்கொண்டு போகும், அலைக்கு அலை கணக்காக முன்னே பின்னே கொண்டுபோய் வைக்காது. கடலின் மேற்பரப்பில் தண்ணீர் ஏறக்குறைய வட்டமடிக்கிறது. முகட்டில் அலையோடு முன்னே, பள்ளத்தில் பின்னே. ஆழத்துக்குப் போகப் போக வட்டம் சிறுத்து, இரண்டு முகடுகளுக்கு இடையே உள்ள தூரத்தில் பாதி ஆழத்தில் அநேகமாக ஒன்றுமே இருக்காது. அதனால் கடலலையில் குறுக்கும் இருக்கிறது, நெடுக்கும் இருக்கிறது.

மல்லிகைப்பந்தல் | 8.58
அப்படியானால் நான் பார்த்ததும் அதுதானா? கண்ணாடி மாட்டி மூழ்கினால் பாறையில் இருக்கும் பாசி மேலும் கீழும் ஆடுவதே இல்லை, கரைக்கும் கடலுக்குமாக மட்டும் போய் வரும். அப்படியென்றால் கடலலை நெட்டலை என்று சொல்லிவிடலாமே.

ஓய்வு_வாத்தியார் | 9.06
அவசரப்படாதீர்கள். ஆழம் குறைந்த இடத்தில் வட்டம் தட்டையாகிவிடும், அடித்தரையை ஒட்டித் தண்ணீர் மேலும் கீழும் போக இடமே இல்லை, முன்னும் பின்னும்தான் போக முடியும். நீங்கள் அடியை மட்டும் பார்த்திருக்கிறீர்கள், அவர் மேலே மட்டும் பார்த்திருக்கிறார்.

சாட்ஸ்வொர்த் அம்மா, இதைப் படித்துக் குழம்ப வேண்டாம், இன்று இரவுக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். வராந்தாவில் தண்ணீர் இல்லாத ஹோஸ் பைப்பை நீளமாக விரித்து, நடுவில் ஒரு ரிப்பன் கட்டுங்கள். ஒருவர் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள, மகன் இந்த முனையைத் தரையோடு ஒரு பக்கம் வெடுக்கென்று ஆட்டட்டும். துடிப்பு மறுமுனைக்கு ஓடும், ரிப்பன் குறுக்கே போய்த் திரும்பும். நெட்டலைக்கு ஹோஸ் உதவாது, தள்ளினால் மடங்கிவிடும். அதற்கு 5 ராண்ட் நாணயங்களை ஒன்றையொன்று தொடும்படி வரிசையாக மேசையில் வையுங்கள். இன்னொரு நாணயத்தை ஒரு முனையில் சுண்டினால் மறுமுனை நாணயம் மட்டும் துள்ளி ஓடும், நடுவில் இருப்பவை அநேகமாக அங்கேயே இருக்கும். தள்ளுதலும் பயணமும் ஒரே கோட்டில் இருப்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

நெற்றிக்கண் | 9.10
பரீட்சைக்கு முந்தின இரவு பிள்ளையைச் சுற்று வட்டம் என்று குழப்புவது நல்லதல்ல. நீரலை வந்தால் குறுக்கலை என்று எழுதட்டும், மார்க் வரும். மேலும் ‘நெட்டலை’யே அரைகுறைச் சொல், ‘நெடுக்கலை’ என்றுதான் இருக்க வேண்டும். குறுக்குக்குச் சோடி நெடுக்கு.

தூண்டில்காரன் | 9.13
இலங்கையில் நெட்டாங்கு அலை என்பார்கள் அண்ணே. பிள்ளை எப்படியும் இங்கிலீஷில்தான் எழுதப்போகிறான். மார்க் வருவதும் உண்மை என்பதும் ஒன்றா?

ஓய்வு_வாத்தியார் | 9.17
வகுப்பில் எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நோட்டைப் பார்க்கட்டும். சில ஆசிரியர்கள் குறுக்கலை என்றால் போதும் என்பார்கள், சிலர் இரண்டும் என்றால்தான் ஒப்புக்கொள்வார்கள். நான் இரண்டுக்கும் மார்க் போட்டேன், அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த்_அம்மா | 9.38
ரிப்பன் கட்டிப் பார்த்துவிட்டான். பழைய இரண்டு கேள்வியையும் தானே மறுபடி செய்தான், சரியாக வந்தது. ஒரு நாணயம் ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. நன்றி, படுக்கப் போகிறோம்.

நெற்றிக்கண் | 9.51
தூண்டில்காரருக்கு: உங்கள் மிதவையில் ஈயக்குண்டு கட்டியிருந்தீர்களா, நூல் எவ்வளவு தளர்வாக இருந்தது? அது தெரியாமல் வட்டம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தூண்டில்காரன் | 10.02
ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணிக்குப் பாலத்துக்கு வாருங்கள் அண்ணே. நூல் இல்லாமல் ஒரு ஆரஞ்சுப் பழத்தைப் போட்டே காட்டுகிறேன்.

சாட்ஸ்வொர்த்_அம்மா | மறுநாள் மதியம் 2.40
ஸ்பிரிங் கேள்வி வந்ததாம், இந்த முறை கூரையிலிருந்து தொங்கும் கயிறு, கீழ்முனையைப் பக்கவாட்டில் ஆட்டுகிறார்கள். அம்பு போட்டுக் குறுக்கலை என்று எழுதினானாம். நீரலையும் வந்திருக்கிறது, இரண்டும் கலந்தது என்று எழுதி ஒரு வட்டமும் வரைந்துவிட்டு வந்திருக்கிறான். என்ன மார்க் என்று இன்னும் தெரியவில்லை.