மெத்தையை மாற்றுவதா, கட்டிலைப் பார்ப்பதா? எங்கள் வீட்டு அனுபவமும் உங்கள் அனுபவங்களும்

தஞ்சை வாசகி

ஏழு மாதங்களுக்கு முன் எட்டு அங்குல ஃபோம் மெத்தை ஒன்று வாங்கினோம். மேலே இரண்டு அங்குலம் மெமரி ஃபோம், கீழே ஆறு அங்குலம் சாதாரண ஃபோம். கடையில் அதை நடுத்தரக் கடினம் என்று சொல்லி விற்றார்கள். என் கணவரின் எடை 94 கிலோ, மல்லாந்து படுப்பவர். என் எடை 53 கிலோ, எப்போதும் ஒருக்களித்துத்தான் படுப்பேன். அவர் காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுகிறார், பத்து நிமிடம் நடந்த பிறகுதான் நிமிர முடிகிறது. எனக்கு வலி இல்லை என்றாலும், இரவு முழுவதும் நடுவை நோக்கிச் சரிந்துகொண்டே இருக்கிறேன். இதற்கு முன் எங்களிடம் இருந்தது இறுகிப்போன இலவம்பஞ்சு மெத்தை. அதில் அவருக்கு ஒரு தொல்லையும் இல்லை. எனக்கோ தோள் மரத்துப்போகும்.

கட்டில் அம்மா வீட்டிலிருந்து வந்த பழைய தேக்குக் கட்டில், உள் அளவு 72க்கு 75 அங்குலம். இன்னும் கடினமான மெத்தையாக வாங்குவதுதான் வழியா? அப்படி வாங்கினால் என் தோள் என்னாகும்? இதே நிலையில் இருந்தவர்கள் தாங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

கரூர்க்காரன்

என் அனுபவத்தில் முதுகுக்குக் கடினமான மெத்தைதான் நல்லது. என் தந்தைக்கு வட்டு விலகியபோது மருத்துவர் பலகையில் படுக்கச் சொன்னார், வலி குறைந்தது. நானும் நான்கு அங்குலத் தென்னைநார் மெத்தைக்கு மாறினேன். ஆறு ஆண்டுகளாக எனக்கு முதுகுவலி என்பதே இல்லை. வாங்கும்போது அடர்த்தி எண்ணைக் கேளுங்கள். 40 என்றால் கடினம், 28 என்றால் மெத்து. எண் கூடக் கூட மெத்தை கடினமாகும்.

கோவை மெத்தைக்காரர்

மெத்தை தயாரிப்பிலும் விற்பனையிலும் 19 ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கரூர் நண்பர் சொன்னதில் ஒரு பாதி சரி. அவர் மல்லாந்து படுப்பவராக இருக்க வேண்டும், எடையும் 70 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். அப்படிப்பட்டவருக்குத் தென்னைநார் பொருந்தும். ஆனால் அடர்த்தி வேறு, கடினம் வேறு. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை இருக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 40 அடர்த்தியிலேயே மெத்தான ஃபோமும் செய்யலாம், இறுக்கமான ஃபோமும் செய்யலாம். அடர்த்தி குறைந்த ஃபோம் படுக்கும் இடத்தில் சீக்கிரம் பள்ளம் விழும் என்பதுதான் அந்த எண்ணிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது.

கடினம் என்பது மெத்தையில் மட்டும் இருப்பதன்று, படுப்பவரின் எடையும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கிறது. ஒரே மெத்தையில் 53 கிலோ எடையுள்ள நீங்கள் மேலடுக்கைத் தாண்டி அதிகம் இறங்கமாட்டீர்கள், ஆகவே உங்களுக்கு அது இதமாக இருக்கும். உங்கள் கணவருக்கு உடல் எடையின் பெரும்பங்கு இடுப்பில் இறங்குகிறது. மேலடுக்கு முழுவதும் அமுங்கி, கீழ் அடுக்கும் சேர்ந்து உள்வாங்கி, இடுப்பு மட்டும் தோளைவிடத் தாழ்ந்துபோகிறது. இரவு முழுவதும் முதுகு தொட்டில்போல வளைந்து கிடந்தால் காலையில் நிமிர முடியாமல்தான் போகும்.

அதற்காக இருப்பதிலேயே கடினமான மெத்தையை வாங்கிவிடாதீர்கள். ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை 90 நாள்கள் கவனித்த ஆய்வு ஒன்று 2003-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. கடினமான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கடினத்தில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. ஒருக்களித்துப் படுக்கும் உங்களுக்கு இது இன்னும் முக்கியம். தோளும் இடுப்பும் சற்று உள்ளே இறங்க இடமில்லாவிட்டால் தோளில் அழுத்தம் ஏறி மரத்துப்போகும். இலவம்பஞ்சில் உங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பின் மேல் ஐந்தாறு ஸ்டிக்கர் பொட்டுகளை வரிசையாக ஒட்டிக்கொண்டு ஒருக்களித்துப் படுங்கள். பத்து நிமிடம் கழித்து, உடல் நன்றாக அமுங்கிய பிறகு, பின்னாலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பொட்டுகள் நேர்க்கோட்டில் இருந்தால் மெத்தை உங்களுக்குப் பொருந்துகிறது. இடுப்பருகே உள்ள பொட்டுகள் கீழ்நோக்கித் தொங்கினால் உங்களுக்கு அது அதிக மெத்து. கோடு வேறு விதமாக வளைந்தால், இடுப்பும் தோளும் இறங்க இடம் கிடைக்காமல் இருக்கலாம். வழக்கமான தலையணையை வைத்துக்கொண்டே பாருங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு சந்தேகம். எடை குறைந்தவர் நடுவை நோக்கிச் சரிவது மெத்தையின் குற்றமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை, கட்டிலின் குறையாகவும் இருக்கலாம். மெத்தையை எடுத்துவிட்டு, வெறும் கட்டிலின் குறுக்கே இரண்டு பக்கச் சட்டங்களின் மேலும் ஒரு நூலை இறுக்கிக் கட்டுங்கள். நூலுக்கும் அடிப்பலகைக்கும் உள்ள இடைவெளியை ஓரத்திலும் நடுவிலும் அளந்து எழுதுங்கள். பிறகு மெத்தையைத் தரையில் போட்டு மூன்று நான்கு இரவுகள் படுத்துப் பாருங்கள். அதுவரை எதையும் வாங்க வேண்டாம்.

மதுரை மருமகள்

என் மாமியாருக்கு 74 வயது, உயரம் 148 சென்டிமீட்டர். அவருக்கும் மெத்தைப் பிரச்சினைதான், ஆனால் எங்களுக்கு வில்லங்கமாக வந்தது தடிமன். பத்து அங்குல மெத்தை வாங்கிக் கொடுத்தோம். கட்டிலின் அடிப்பலகை தரையிலிருந்து 14 அங்குலம். மொத்தம் 24 அங்குலமானதால், ஓரத்தில் உட்கார்ந்தால் அவர் பாதம் தரையைத் தொடவில்லை. நள்ளிரவில் கழிவறைக்கு இறங்கும்போது வழுக்கி, முழங்கையில் அடிபட்டது. நல்லவேளை, எலும்பு முறியவில்லை. பிறகு இறுக்கமான ஐந்து அங்குல மெத்தைக்கு மாற்றினோம், ஆசாரியை அழைத்துக் கட்டில் கால்களில் ஒன்றரை அங்குலம் அறுக்கச் சொன்னோம். இப்போது ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் படிகிறது, கையை ஊன்றாமலே எழுந்துவிடுகிறார். வயதானவர்களுக்கு வாங்குபவர்கள் மெத்தையின் விலையைக் கேட்பதற்கு முன்பு முழங்காலின் மடிப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். இது நீங்கள் கேட்ட கேள்விக்கு விடையாகுமா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

தஞ்சை வாசகி

கோவை ஐயா சொன்னபடியே செய்தோம். பக்கச் சட்டத்தை ஒட்டிய இடத்தில் நூலுக்கும் பலகைக்கும் 75 மில்லிமீட்டர் இடைவெளி, நடுவில் 93. யாரும் படுக்காதபோதே 18 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. கணவர் நடுவில் உட்கார்ந்தபோது அது 110-ஐத் தாண்டியது. பலகையைத் தூக்கிப் பார்த்தால், ஆறடி அகலத்திற்குக் குறுக்கே மூன்றே மூன்று ரீப்பர்கள். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஓடும் நடுச்சட்டத்தின் மூட்டு ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது. மேலே கிடந்த ப்ளைவுட் 8 மில்லிமீட்டர்தான். பழைய இலவம்பஞ்சு மெத்தை கனமாக, தானே பலகைபோல இறுகிக் கிடந்ததால் இந்தக் குறை இத்தனை ஆண்டுகள் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

தரையில் நான்கு இரவுகள் படுத்தோம். நான் சரிவது முதல் இரவிலேயே நின்றுவிட்டது. கணவருக்கு வலி பாதியாகக் குறைந்தது, முழுவதும் போகவில்லை. பொட்டுச் சோதனையில் என் முதுகு நேராக இருந்தது. அவர் ஒருக்களித்துப் படுத்தபோது இடுப்பருகே இரண்டு பொட்டுகள் தெளிவாகத் தொங்கின.

ஆசாரி மகன், கும்பகோணம்

தேக்கு கெட்டுப்போகவில்லை, மூட்டுதான் விட்டிருக்கிறது. ஆகவே கட்டிலை விற்றுவிடாதீர்கள். நடுச்சட்டத்தை மறுபடி பொருத்தி, அதன் மத்தியில் தரையைத் தொடும்படி ஒரு ஐந்தாவது கால் கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் பட்டறையில் ஆறடி அகலக் கட்டில் எதையும் நடுக்காலில்லாமல் தருவதில்லை. ரீப்பர்களுக்கு இடையில் இரண்டரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். அகன்ற இடைவெளியில் ஃபோம் கொஞ்சங்கொஞ்சமாகப் பிதுங்கி, அந்த வரிகளிலேயே சீக்கிரம் நைந்துபோகும். ரீப்பர் நெருக்கமாக இருந்தால் ப்ளைவுட்டே தேவையில்லை, காற்றும் ஓடும். ப்ளைவுட்தான் வேண்டும் என்றால் 12 மில்லிமீட்டரில் வாங்கி, அரையடிக்கு ஒரு துளை போட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் மெத்தையின் அடியில் பூஞ்சை பிடித்து வந்த கட்டில்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றிலும் துளை இருந்ததில்லை.

கரூர்க்காரன்

என் எடை 68 கிலோ, மல்லாந்துதான் படுப்பேன், கோவை ஐயா ஊகித்தது சரி. அடர்த்தி பற்றி நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். ஆனாலும் 94 கிலோ உள்ளவருக்குத் தென்னைநார்தான் தாங்கும் என்றே இன்னும் நினைக்கிறேன்.

கோவை மெத்தைக்காரர்

தாங்கும், ஆனால் நான்கு அங்குலத்தில் தாங்காது. அந்த எடை ஒருக்களித்துத் திரும்பினால் இடுப்பெலும்பு அடிப்பலகையை உணரும். ரப்பர் கலந்த தென்னைநார் மெத்தை படுக்கும் இடத்தில் மெல்லத் தட்டையாகி, பழையபடி எழும்பாமல் போவதையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சகோதரி, தரையில் வலி பாதி குறைந்ததென்றால் கட்டிலுக்குப் பாதிப் பங்கு, மெத்தைக்குப் பாதிப் பங்கு. இருவருக்கும் ஒரே மெத்தை தேடினால் ஒருவர் பொறுத்துக்கொள்ள வேண்டிவரும். 36க்கு 75 அளவில் இரண்டு மெத்தைகளாகப் போட்டு, ஒரே உறையில் சேர்த்துவிடுங்கள். உங்களுக்கு இப்போதிருக்கும் அடுக்கமைப்பே போதும். அவருக்கு அடியில் நல்ல அடர்த்தியுள்ள இறுக்கமான ஃபோம் ஏழு அங்குலம், மேலே மெத்தான அடுக்கு ஒரே ஒரு அங்குலம். இரண்டின் உயரமும் எட்டு அங்குலமாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் நடுவில் படி விழும். உங்கள் கட்டிலில் மூன்று அங்குலம் சட்டத்துக்குள் இறங்கிவிடுவதால் மெத்தைகள் விலகி ஓடாது.

சென்னை வாசி

மெமரி ஃபோம் பற்றி ஒரு சொல். எங்கள் வீட்டில் ஏ.சி. இல்லாத அறையில் மே மாதத்தில் அது குழைந்து, உடலைப் பிடித்துக்கொண்டதுபோல் இருக்கும். அதையே ஏ.சி. அறைக்கு மாற்றியபோது, படுத்த முதல் சில நிமிடங்கள் இறுகி இருந்தது. கடையில் குளிரூட்டிய கூடத்தில் படுத்துப் பார்த்துவிட்டு, அதை நம்பி வாங்கிவிட்டோம். வாங்குபவர் தம் வீட்டு அறையின் வெப்பத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

கோவை மெத்தைக்காரர்

உண்மை. மெமரி ஃபோமின் இயல்பே அது. ஆனால் ஒரு அங்குல மேலடுக்கில் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது என்பது என் எண்ணம்.

சென்னை வாசி

என் மெத்தையில் ஒன்றரை அங்குலம்தான். எனக்குத் தெரிந்தது.

தஞ்சை வாசகி

ஆறு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். ஐந்தாவது கால் வைத்தாயிற்று, ரீப்பர்கள் இரண்டரை அங்குல இடைவெளியில் நெருக்கமாக அடித்தாயிற்று. கணவர் மெத்தைக்கு மேலடுக்காக, சென்னை நண்பர் எழுதியதைக் கருத்தில் கொண்டு, மெமரி ஃபோமுக்குப் பதில் ஒரு அங்குலம் லேடக்ஸ் போடச் சொன்னோம். பழைய மெத்தையை வாங்கிய கடையிலேயே குறுக்களவில் வெட்டி 36 அங்குலமாக்கி, ஓரம் தைத்துக் கொடுத்தார்கள், அது என் பக்கம். கணவர் இப்போது எழுந்தவுடன் நிமிர்கிறார். வாரத்தில் ஒரு நாள் வலி இருப்பதாகச் சொல்கிறார். அது குப்புறப் புரண்டு தூங்கிவிட்ட இரவுகளுக்குப் பிறகுதானா என்று குறித்துக்கொண்டு வருகிறோம். எனக்குச் சரிவும் இல்லை, தோளும் மரக்கவில்லை. உறைக்குள் இரண்டு மெத்தைகளும் சேரும் கோடு மட்டும் கைக்குத் தட்டுப்படுகிறது. அதற்கு யாராவது வழி கண்டிருந்தால் எழுதுங்கள்.