வெள்ளை வானத்தை மாற்றினால் ஓரத்தில் தங்கும் வெள்ளைக்கு என்ன பெயர்?

செ.:
படத்திருத்த மென்பொருளில் வரும் Defringe என்ற பட்டிச் சொல்லைத் தமிழாக்க வேண்டும். வெளுத்த வானத்தை வெட்டிவிட்டு நீல வானம் வைத்தால், தென்னங்கீற்று ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு தெரியுமே, அதை நீக்குவது. ‘ஒளிவட்ட நீக்கம்’ சரியா?

கு.:
வேண்டாம். ஒளிவட்டம் என்பது கூர்மையை அதிகம் கூட்டினால் வருவது. இங்கே நடப்பது கலப்பு. பச்சைச் சேனலில் கீற்று 60, பழைய வானம் 255 என்றால் ஓரப் பிக்சல் ஏறத்தாழ 157. அதைப் பாதி ஒளிபுகும்படி வெட்டி, 150 உள்ள புது வானத்தில் வைத்தால் 153 வரும். கீற்றையும் வானத்தையும் விட வெளிச்சம், அதுதான் கோடு. சரியாக வந்திருக்க வேண்டியது 105. பழைய வானம் ஓரத்தில் மிஞ்சியிருப்பதால் ‘ஓரமிச்சம்’ என்கிறேன்.

ர.:
ஒரு பிக்சல் உள்ளே தள்ளி வெட்டினால் தீர்ந்தது, கு. அண்ணா. இதற்குப் பெயர் எதற்கு?

கு.:
சுவர் விளிம்புக்கு நீங்கள் சொல்வது சரி. கீற்று நுனி மூன்று பிக்சல் அகலம்தான். இருபுறமும் ஒன்று போனால் ஒன்றுதான் நிற்கும், மரம் மொட்டையாகிவிடும். வெட்டாமலே புது வானத்தை மேலே வைத்து Multiply முறைக்கு மாற்றுங்கள். 157-ஐ 150-ஆல் பெருக்கி 255-ஆல் வகுத்தால் 92. கொஞ்சம் இருட்டு, ஆனால் கண்ணில் படாது. கீற்றின் உட்பகுதி கறுக்காமலிருக்க நீலச் சேனலின் நகலை வான லேயருக்கு மாஸ்க்காகப் போடுங்கள். Levels-இல் வெள்ளை முனையை 140 வரை இறக்கினால் ஓரப் பிக்சல்கள் முழு வெள்ளையாகி வானத்தின் பக்கம் சேரும். பழைய வானம் 255-க்குக் குறைவாக இருந்தால் புது வானம் மங்கும். முதலில் படத்தில் அதை வெளுக்க வையுங்கள். வெள்ளைச் சுவர் இருந்தால் மாஸ்க்கில் கையால் கறுப்படிக்க வேண்டும், இல்லையேல் சுவரும் நீலமாகும்.

தி.:
என் கோபுரப் படத்தில் கோடே இல்லை, ஆனாலும் வானம் ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது. இதுவும் ஓரமிச்சமா?

கு.:
இல்லைங்க, அது ஒளிப் பொருத்தமின்மை. மூட்டமான நாளில் சிலைகளுக்கடியில் அழுத்தமான நிழல் விழாது. நீங்கள் வைத்திருப்பது வெயிலில் ஒரு பக்கம் பளிச்சிடும் மேகமாக இருக்கும். மெல்லிய மேகப் படலத்தை எடுங்கள், அடிவானப் பக்கம் வெளிறியே இருக்கட்டும்.

செ.:
‘ஓரமிச்ச நீக்கம்’ என்று பட்டியலில் போடுகிறேன். பச்சைத் திரைமுன் எடுத்தால் கன்னத்தில் பச்சை அடிக்குமே, அதுவும் இதுதானா?

கு.:
அங்கே பச்சை ஒளி தோலில் பட்டே திரும்புகிறது, ஓரத்தில் மட்டும் இல்லை. வேறு சொல் வேண்டும். ‘நிறப்படிவு’ தோன்றுகிறது, ஆனால் வேதியியலில் படிவு வேறு பொருள்.

ர.:
‘தெறிநிறம்’?