மெமோவுக்குப் பதில்: வரிசையாக விளக்குவதா, 'மறுக்கிறேன்' என்று ஒரே வரியா?

கிடங்குச்சாவி:
விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறார்கள். மூன்று குற்றச்சாட்டு. போன மாதம் 5 நாள் தாமதமாக வந்தேனாம். 14ஆம் தேதி சரக்கு எண்ணியபோது 12 பெட்டி குறைந்ததற்கு என் அலட்சியம்தான் காரணமாம். மேற்பார்வையாளரிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டேனாம். 3 நாளில் பதில் வேண்டுமாம். ஒவ்வொன்றுக்கும் எழுதவா, எல்லாவற்றையும் மறுக்கிறேன் என்று முடித்துவிடவா?

சங்கத்துக்காரன்:
ஒரே வரியில் முடியுங்கள் தம்பி. இப்போதே எல்லாவற்றையும் கொட்டினால், விசாரணை வைக்கும்போது உங்கள் பதிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சாட்சிக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். எத்தனையோ பேருக்கு இப்படி நடந்து பார்த்தவன் நான்.

வேகவாசிப்பு:
வேலையை விட்டே எடுத்துவிட்டார்களா? அப்படியானால் முதலில் நோட்டீஸ் காலச் சம்பளத்தைக் கேளுங்கள்.

கிடங்குச்சாவி:
எடுக்கவில்லை அண்ணே. இன்றும் வேலைக்குப் போய்த்தான் வந்தேன்.

பூவிதழ்:
எதற்கு வம்பு? மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதிக் கொடுங்கள். அவர்களுக்கு வேண்டியது அதுதான். என் தம்பிக்கு தாமத மெமோ வந்தபோது அப்படித்தான் முடிந்தது.

நெல்லிக்காய்:
நானும் அப்படித்தான் எழுதினேன். 'நடந்தவற்றுக்கு வருந்துகிறேன், இனி நடக்காது.' என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. எட்டு மாதம் கழித்து வேறு ஏதோ விஷயத்துக்கு இரண்டாவது மெமோ வந்தது. அதில், 'முன்னரும் தாங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டுள்ளீர்கள்' என்று போட்டிருந்தார்கள். நான் ஒப்புக்கொண்டது எதை என்று இன்று வரை எனக்கே தெரியாது.

முன்னாள் மனிதவளம்:
இந்தப் பதில்களைப் படிக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான். ஒரே வரி மறுப்பு வந்தால் எங்களுக்கு வேலை மிச்சம். 'விளக்கம் திருப்திகரமாக இல்லை' என்று அடுத்த கடிதம் போய்விடும். திருப்தியில்லை என்று எழுதக் காரணம் தேட வேண்டியதே இல்லை. அதே நேரம் ஏழு பக்கக் குமுறலும் உதவாது. அதில் ஏதாவது ஒரு வரியைப் பிடித்துக்கொள்வோம்.

கிடங்குச்சாவி, மெமோவில் இருக்கும் எண்களையே போட்டு அதே வரிசையில் எழுதுங்கள். எழுதும் முன், ஒவ்வொரு குற்றச்சாட்டிலும் நடந்த விஷயம் எது, அதற்கு அவர்கள் வைத்த பெயர் எது என்று பிரித்துப் பாருங்கள். பெட்டி குறைந்தது என்பது ஒரு விஷயம். அலட்சியம் என்பது அவர்கள் வைத்த பெயர். முதலாவதை ஒப்புக்கொண்டு இரண்டாவதை மறுக்கலாம். இரண்டையும் கலந்து மொத்தமாக மறுத்தால், கண்ணுக்கு முன்னால் குறைந்து கிடக்கும் பெட்டியையும் மறுக்கிறவர் போலத் தெரிவீர்கள்.

அந்த 5 நாளும் உண்மையா? 14ஆம் தேதி நீங்கள் இருந்தீர்களா?

கிடங்குச்சாவி:
5 நாளில் 2 நாள் உண்மை, 20 நிமிடம், 35 நிமிடம். 2 நாள் முந்தைய இரவு சரக்கு இறக்க நிறுத்திவைத்தார்கள், மறுநாள் தாமதமாக வரச்சொல்லி மேற்பார்வையாளரே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். ஒரு நாள் நேராக இன்னொரு கிளைக்குப் போனேன்.
11 முதல் 14 வரை விடுப்பு. 10ஆம் தேதி மாலை சாவியையும் சரக்கையும் ஒப்படைத்தேன், பதிவேட்டில் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கிறது. அன்று கணக்கு சரியாக இருந்தது. சாவி வாங்கிய பையன்தான் ஏதோ செய்திருப்பான் என்று நினைக்கிறேன், அதையும் எழுதிவிடவா?

முன்னாள் மனிதவளம்:
வேண்டாம். அது உங்கள் ஊகம். அவன் நிரூபிக்கச் சொன்னால் நீங்கள்தான் மாட்டுவீர்கள். தெரிந்ததை மட்டும் இப்படி எழுதுங்கள்:

'2. 10ஆம் தேதி மாலை நான் சரக்கை ஒப்படைத்தபோது இருப்பு சரியாக இருந்தது. பதிவேட்டில் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்து உள்ளது. 11 முதல் 14 வரை அனுமதி பெற்ற விடுப்பில் இருந்தேன். 14ஆம் தேதி எண்ணும்போது நான் இல்லாததால் 12 பெட்டி குறைந்ததா என்பதை என்னால் உறுதி செய்ய முடியவில்லை. எண்ணிக்கைத் தாளின் நகலைக் கேட்டுக்கொள்கிறேன். எனது அலட்சியம் என்பதை மறுக்கிறேன்.'

இதில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

தாமதத்துக்கு 5 நாளையும் தேதி போட்டுத் தனித்தனி வரியாக எழுதுங்கள். அந்த 2 நாளை எத்தனை நிமிடம் என்று சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள். பூவிதழ் சொன்ன வருத்தம் அங்கே பொருந்தும், அந்த 2 நாளுக்கு மட்டும். உண்மையை நேராக ஒப்புக்கொண்டவர் மற்ற 3 நாளை மறுக்கும்போது நம்பத் தோன்றும்.

சங்கத்துக்காரன்:
பதிவேடு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் 'இப்போது கட்டிய கதை' என்பார்கள். ஆனால் மூன்றாவதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 'மரியாதைக் குறைவு' என்றால் என்ன? எந்தத் தேதி, என்ன வார்த்தை, யார் எதிரில்? எதுவும் இல்லையே. தம்பி, அன்றைக்கு நான் இப்படித்தான் சொன்னேன் என்று நீங்களாகவே ஆரம்பித்தால், அவர்களிடம் இல்லாத சம்பவத்தை நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். விவரம் தந்தால் பதில் சொல்கிறேன், இப்போதைக்கு மறுக்கிறேன், அவ்வளவுதான்.

முன்னாள் மனிதவளம்:
மூன்றாவதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். கடைசியில் ஒரு வரியும் சேர்க்கட்டும்: 'மேலே வெளிப்படையாக ஒப்புக்கொண்டவை தவிர வேறு எதையும் ஒப்புக்கொண்டதாகக் கொள்ள வேண்டாம்.' ஏதாவது விடுபட்டிருந்தாலும் இது தாங்கும்.

நெல்லிக்காய்:
3 நாளில் எப்படி முடியும்? வருகைப் பதிவு அவர்களிடம்தானே இருக்கிறது?

முன்னாள் மனிதவளம்:
கெடு முடிவதற்குள் ஆவணமும் அவகாசமும் கேட்டு எழுத வேண்டும், 'இந்தத் தேதி வரை' என்று ஒரு தேதியும் குறிப்பிட்டு. கெடு கடந்தபின் கேட்டால், பதிலே தரவில்லை என்று எழுதிவிட்டு மேலே போய்விடலாம். அவகாசம் கிடைக்காவிட்டால், கையில் இருப்பதை வைத்துப் பதில் கொடுத்து, ஆவணம் பார்த்தபின் கூடுதல் விளக்கம் தரும் உரிமை உண்டு என்று குறிப்பிடுங்கள்.

இன்னொன்று. பயத்தில் அலுவலகக் கோப்புகளை எல்லாம் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். நான்காவது குற்றச்சாட்டு அங்கிருந்து முளைக்கும். உங்களுக்கு வந்த வாட்ஸ்அப் செய்தி உங்களுடையது, அதைப் படம் எடுத்து வையுங்கள், அழிக்கவும் வேண்டாம்.

கிடங்குச்சாவி:
சரி சார். ஒரு சந்தேகம். போன மாதம் அதே மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டினார். மூன்றாவதில் அதையும் சேர்க்கலாமா?

முன்னாள் மனிதவளம்:
இதில் வேண்டாம். தனிப் புகாராகக் கொடுங்கள். குற்றச்சாட்டுக்குப் பதிலாக இன்னொரு குற்றச்சாட்டு வந்தால், படிப்பவர் பதிலை விட்டுவிட்டு சண்டையைப் பார்க்க ஆரம்பிப்பார்.

சங்கத்துக்காரன்:
தனிப் புகாரா? மெமோ வந்தபின் கொடுத்தால் பழிவாங்கக் கொடுத்தது என்று மூலையில் போடுவார்கள். அவர் திட்டியதுதான் இந்த மெமோவுக்கே காரணம் என்றால், அதை இதிலேயே ஒரு வரி பதிவு செய்யத்தான் வேண்டும். தேதியோடு, திட்டிய வார்த்தை இல்லாமல்.

முன்னாள் மனிதவளம்:
மூன்றாவதில் 'என்ன வார்த்தை, எந்தத் தேதி' என்று கிடங்குச்சாவி கேட்கப் போகிறார். அதே பத்தியில் ஒரு தேதியைத் தானே கொடுத்தால், 'அன்றைக்குத்தான்' என்று அவர்கள் பிடித்துக்கொள்ள மாட்டார்களா?

சங்கத்துக்காரன்:
பிடிக்கட்டும். அன்றைக்குத் திட்டியது யார் என்று பார்த்தவர்கள் இருக்கிறார்களே.

பூவிதழ்:
பார்த்தவர்கள் வந்து சொல்வார்களா, அண்ணே?

கிடங்குச்சாவி:
ஒருவர் சொல்வார் என்று நினைக்கிறேன், கேட்டுப் பார்க்க வேண்டும். அவர் சரி என்றால் அந்த வரியைச் சேர்க்கிறேன், இல்லையென்றால் விட்டுவிடுகிறேன். ஆவணம் கேட்கும் கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துவிட்டேன். நாளை காலை கொடுத்து, என் பிரதியில் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்து வாங்கப் போகிறேன்.

சங்கத்துக்காரன்:
கையெழுத்துப் போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். அங்கேயே நின்று மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.